திரையில் ஓடும் கறுப்புப் பட்டை

பழைய பிக்சர் டியூப் மானிட்டரை வீடியோ எடுத்துப் பாருங்கள். நேரில் பார்க்கும்போது இல்லாத ஒரு கறுப்புப் பட்டை, வீடியோவில் திரையின் குறுக்கே படுத்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும். மானிட்டரும் பழுதில்லை, கேமராவும் பழுதில்லை. ஒன்றின் வேகம் மற்றதோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பிக்சர் டியூப் திரை முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. எலெக்ட்ரான் கற்றை ஒன்று மேல் ஓரத்தில் தொடங்கி, வரிவரியாகக் கீழ்வரை வரைந்துகொண்டே போகிறது. ரீஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை இப்படி வரைகிறது. ஒரு முறை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி ஆகும். கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சு பளிச்சென்று ஒளிர்ந்து, கற்றை திரும்பி வருவதற்குள் மங்கிவிடும். நம் கண் இதையெல்லாம் சேர்த்து ஒரே படமாகப் பார்க்கிறது. கேமராவோ ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் வந்த ஒளியை மட்டுமே பதிவு செய்கிறது.

ஷட்டரை 1/100 நொடிக்கு வைத்ததாகக் கொள்வோம். அது 10 மில்லிநொடி. அதற்குள் கற்றை திரையின் 60 சதவீதத்தைத்தான் வரைந்திருக்கும். மீதி 40 சதவீதத்துக்கு ஒளியே வரவில்லை. கறுப்புப் பட்டை அதுதான். இப்போது ஷட்டரை 1/50 நொடிக்கு மாற்றினால் 20 மில்லிநொடி கிடைக்கிறது. திரை ஒரு முறை முழுதாக வரையப்பட்டு, அதன் 20 சதவீதம் இரண்டாவது முறையும் வரையப்பட்டுவிடும். அந்தப் பகுதி இரு மடங்கு ஒளியோடு வெளிர்பட்டையாகத் தெரியும். ஆக, பட்டையின் நிறமே நமக்கு வழி சொல்கிறது: கறுப்பாக இருந்தால் ஷட்டர் நேரம் போதவில்லை, குறுகிய வெளிர்பட்டையாக இருந்தால் கொஞ்சம் கூடிவிட்டது. 1/60 வைத்தால் கற்றை சரியாக ஒரு சுற்று முடிக்கிறது. அது எந்த வரியில் இருக்கும்போது ஷட்டர் திறந்தாலும், அதே வரிக்குத் திரும்பும்போது மூடிவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு ஒளி, பட்டைக்கு இடமில்லை.

பலரும் ஷட்டரை விட்டுவிட்டு ஃபிரேம் ரேட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். அதனால் பட்டை போகாது, அதன் ஓட்டம்தான் மாறும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் மானிட்டர் 2.4 முறை வரைகிறது. அதனால் பட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறிடத்துக்குத் தாவி, படம் படபடக்கும். 30 ஃபிரேம் என்று எழுதியிருக்கும் கேமராக்கள் பலவும் உண்மையில் 29.97 ஃபிரேம்தான் எடுக்கின்றன. இதன் இரு மடங்கு 59.94. மானிட்டர் சரியாக 60 என்றால், அந்தச் சிறு வித்தியாசத்தில் பட்டை திரையைக் கடக்க ஏறத்தாழ 17 நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கும்.

சினிமா கேமராவில் இதே கணக்கை ஷட்டர் கோணத்தில் போடுகிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் 144 டிகிரி வைத்தால் 1/60 கிடைக்கும். நம் ஊர் டிவியின் 50 ஹெர்ட்ஸுக்கு 172.8 டிகிரி, அது 1/50. மானிட்டர் 60 என்று சொல்லிக்கொண்டு 59.94-இல் ஓடினால், 1/60 வைத்தும் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சலாம். தொழில்முறை வீடியோ கேமராக்களில் உள்ள க்ளியர் ஸ்கேன், சிங்க்ரோ ஸ்கேன் வசதிகள் இதற்குத்தான். கோடு மறையும்வரை ஷட்டரைத் துளித்துளியாக நகர்த்தலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/60 நொடிக்குள் அந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்காது. திரை சரியாகும், அறை வெளிச்சம் துடிக்கும். அசையாத படம் எடுக்கிறீர்கள் என்றால் 1/20 வையுங்கள்: அதற்குள் திரை 3 முறை, விளக்கு 5 முறை, இரண்டுமே முழுதாக முடிகின்றன. 25 ஃபிரேம் வீடியோவில் ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்துவைக்க முடியாது. அங்கே டியூப்லைட்டை அணைத்துவிடுவதே நல்லது.

இன்றைய எல்சிடி மானிட்டரில் கற்றை கிடையாது. படம் அடுத்த ரீஃப்ரெஷ் வரை அப்படியே நிற்கும். அதிலும் பட்டை வந்தால் பெரும்பாலும் பின்விளக்கைத்தான் பார்க்க வேண்டும். பிரைட்னஸைக் குறைக்கும்போது பல மானிட்டர்கள் அந்த விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. எனவே முதலில் பிரைட்னஸை முழுதாக ஏற்றிப் பாருங்கள். ஓஎல்இடி போன்கள் பலவற்றில் இந்தத் துடிப்பு நொடிக்கு 240 முறை. 1/60-க்குள் நான்கு துடிப்பு முழுதாக அடங்குவதால் அதே ஷட்டர் இங்கும் பொருந்தும்.

போன் கேமராவைத் தானியங்கியில் விட்டால், பளிச்சென்ற திரையைக் கண்டதும் அது ஷட்டர் நேரத்தைக் குறைத்துவிடும், பட்டை அகலமாகும். புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/60-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அப்போதும் படம் வெளுத்தால், லென்ஸுக்கு முன் ஒரு என்டி ஃபில்டரை மாட்டுங்கள்; ஷட்டரைத் தொடாதீர்கள்.