ஈப்போ ரப்பர் தோட்டமும் இரட்டை வரியும்

மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்தை, அந்த வருமானத்துக்கு இங்கேயும் வரி கட்டச் சொன்னது வருமான வரித்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியாவும் மலேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு அதன் வருமானத்துக்கு ‘வரி விதிக்கலாம்’. அவர்கள் விதிக்கலாம் என்றால் நாம் விதிக்கக்கூடாது என்று ஆகுமா? ஆகும் என்றுதான் 2004-ல் தீர்ப்பு வந்தது. தோட்ட வருமானம் இந்திய வரிக்கு வெளியே போனது.

இப்படி ஒரு நாடு முழுவதுமாக விலகிக்கொள்வதுதான் விலக்கு முறை. வரவு முறை வேறு. அதில் சொந்த நாடு வெளிநாட்டு வருமானத்தையும் சேர்த்தே வரி போடும். பிறகு, அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள விடும். அங்கே 10 ரூபாய் வரி, இங்கே 30 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு முறையில் 10 ரூபாயோடு முடிந்தது. வரவு முறையில் மீதி 20 ரூபாயை இங்கே கட்ட வேண்டும். அங்கே வரியே இல்லாவிட்டால் முதல் முறையில் எங்குமே வரி இல்லை, இரண்டாம் முறையில் 30-ம் இங்கே.

அரசு அந்தத் தீர்ப்போடு விடவில்லை. ஒப்பந்தத்தில் ‘வரி விதிக்கலாம்’ என்று இருந்தால், அந்த வருமானம் இந்தியாவின் மொத்த வருமானத்திலும் சேரும், நிவாரணம் ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி கிடைக்கும் என்று 2008 ஆகஸ்டில் அறிவிக்கை வெளியிட்டது. அன்று முதல் நமக்குப் பெரும்பாலும் வரவு முறைதான்.

வரவு முறை என்றால் வெளிநாட்டில் கட்டியது முழுவதும் கழியும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கேதான் இடறுகிறார்கள். அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி வருமோ, அதற்கு மேல் கழிக்க விதி இடம் தராது.

அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் ஒருவரைப் பார்ப்போம். 2025-26-ல் புதிய வரி முறையில் அவருடைய வரிக்குரிய வருமானம் 18 லட்சம். அதில் 1 லட்சம் அமெரிக்க டிவிடெண்ட். ஒப்பந்தப்படி அமெரிக்காவில் 25,000 பிடித்துவிட்டார்கள். 18 லட்சத்துக்கு இந்திய வரி, செஸ் சேர்த்து, 1,66,400. டிவிடெண்ட் இல்லாமல் 17 லட்சம் மட்டும் என்றால் 1,45,600. ஆக, இந்த 1 லட்சத்தால் கூடிய வரி 20,800. அதுவரை கழியும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடைமுறையில் உச்சபட்ச வீதத்தைப் பார்ப்பதில்லை, சராசரி வீதத்தில் கணக்கிடுகிறார்கள். 1,66,400-ஐ 18-ஆல் வகுத்தால் லட்சத்துக்கு 9,244. கழிவது அவ்வளவே. மீதி 11,556-ஐ இங்கே கட்ட வேண்டும். அமெரிக்க வரியையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு 36,556 போய்விட்டது. விலக்கு முறையில் 25,000-தான் போயிருக்கும்.

கழியாமல் நின்ற அமெரிக்க வரியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் நம் விதியில் வழி இல்லை. அமெரிக்கா தன் மக்களுக்கு, இப்படி மிஞ்சும் வெளிநாட்டு வரியை 10 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்ல அனுமதிக்கிறது. இந்த இடத்தில் நம் விதி நியாயமாக இல்லை என்பதே என் கருத்து. இரட்டை வரியைத் தவிர்க்கச் செய்த ஒப்பந்தம், நடுத்தர வருமானக்காரரிடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வருமானம் ஏறினால் சராசரி வீதமும் ஏறும். அது 25 சதவீதத்தைத் தாண்டுபவருக்கு அமெரிக்கத் தொகை முழுவதும் கழிந்துவிடும்.

அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். தரகு நிறுவனத்திடம் W-8BEN படிவம் கொடுக்காவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். ஒப்பந்த வீதமான 25-க்கு மேல் போனதற்கு இங்கே வரவு கிடையாது. கணக்கில் வந்து விழுந்த 75,000-ஐ மட்டும் வருமானமாகக் காட்டாதீர்கள், முழு 1 லட்சத்தையும் காட்டுங்கள். 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு வரவு கேட்பதாக இருந்தால், வரி பிடித்ததற்கான சான்றோடு படிவம் 67-ஐ இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். கணக்குத் தாக்கலுக்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது.