மறைத்த எண்ணும் மறையாத பெயரும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்தின் ஓரமாக ஒரு கியூஆர் குறியீடு 2018 முதல் அச்சாகிவருகிறது. கைப்பேசியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலியோ பயிற்சியோ வந்து நிற்கும். அந்தக் குறியீடு இட்டுச்செல்லும் இடம் தீக்‌ஷா என்ற கற்றல் தளம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2017இல் தொடங்கிய இதன் உருவாக்கத்தில், நந்தன் நிலேகணி இணை நிறுவனராக உள்ள எக்ஸ்டெப் அறக்கட்டளைக்கும் பங்கு உண்டு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் மாணவர்களும் ஆசிரியர்களும் இந்தச் செயலிக்குள் வந்து சேர்ந்தார்கள். பள்ளி ஒரு செயலியை ஏற்கும்போது மாணவர் விவரம் எங்கெங்கே போகிறது என்பதைப் பார்க்க, இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் கிடைப்பது அரிது.

தீக்‌ஷாவின் கோப்புகள் மைக்ரோசாஃப்டின் அஷூர் என்ற மேகச் சேமிப்பகத்தில் இருந்தன. அதன் ஒரு பகுதி பூட்டப்படாமல் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்ததை 2023 ஜனவரியில் வயர்ட் இதழ் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி அந்தக் கோப்புகளில் இருந்தன. இன்னொரு கோப்பில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் முழுப்பெயர், பள்ளி, எந்தப் பாடநெறியில் எப்போது சேர்ந்தார்கள், அதில் எவ்வளவு முடித்தார்கள் என்ற விவரங்கள் இருந்தன. மாணவர்களின் எண்ணும் மின்னஞ்சலும் மட்டும் பாதி மறைக்கப்பட்டிருந்தன.

இதை ‘ஹேக்கிங்’ என்று சொல்வது பொருந்தாது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே போடப்படவில்லை. மேகச் சேமிப்பகம் என்பது வாடகைக் கிடங்கு போன்றது. கோப்புகளை வைக்கும் ஒவ்வொரு அறைக்கும், உரியவர் மட்டும் திறக்கலாம், முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம், உள்ளே இருப்பவற்றின் பட்டியலையே யாரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்றி வைக்க முடியும். பாடக் காணொலிகள் எல்லோருக்கும் திறக்க வேண்டியவை என்பதால், அவை உள்ள அறையைத் திறந்து வைப்பது நியாயம்தான். நிர்வாக அறிக்கைகளுக்கும் அதே அனுமதி ஒட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல். செயலி வழக்கம்போல ஓடும், எதுவும் பழுதாகாது, அதனால் யாருக்கும் தெரியவராது. கண்டுபிடிக்கும் சோதனையோ மிக எளிது. கோப்பின் முகவரியை நகலெடுத்து, உள்நுழையாத மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பார்த்தால் போதும். அங்கும் கோப்பு திறந்தால் அது ஊருக்கே திறந்திருக்கிறது.

எண்ணைப் பாதி மறைத்தால் போதாதா என்ற கேள்வி எழும். கற்பனையாக ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம்: மாணவியின் முழுப்பெயர், ஓர் ஒன்றியத்து மேல்நிலைப் பள்ளி, XXXXXX4172 என்ற எண், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநெறி, சேர்ந்த தேதி, முடித்தது 40 விழுக்காடு. கடைசி நான்கு இலக்கங்களுக்கு 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் சாத்தியங்கள் உண்டு. அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பதோ நாற்பது எண்கள். குழுவில் உள்ள ஒருவர், அல்லது குழுவின் பட்டியல் கைக்கு வந்த ஒருவர், 4172 என்று முடியும் எண்ணைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் அகப்படும். முழு எண் கிடைத்துவிட்டது. இனி ஒரு ஆள் அந்த வீட்டுக்கு அழைத்து, “ஸ்கூல்ல இருந்து பேசுறோம்மா, உங்க பொண்ணு சயின்ஸ் கோர்ஸ்ல பாதிதான் முடிச்சிருக்கா, சர்டிஃபிகேட் வேணும்னா ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்றால், அந்தத் தாய் ஏன் சந்தேகப்பட வேண்டும்? மகளின் பெயர், பள்ளி, பாடம், முடித்த அளவு எல்லாமே சரியாக இருக்கின்றனவே. எண்ணை மறைத்தவர்கள் அபாயம் எண்ணில் இருப்பதாக நினைத்தார்கள். அபாயம் மற்ற நான்கு விவரங்களில் இருந்தது.

பாடம் பார்க்க இந்த விவரங்கள் தேவையும் இல்லை. தீக்‌ஷாவில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொலி பார்க்கப் பெயரோ எண்ணோ கொடுக்க வேண்டியதில்லை, விருந்தினராகவே பார்த்துவிடலாம். பாடநெறியில் சேர்ந்து, முடித்ததற்குக் கணக்கு வைக்கும் இடத்தில்தான் பெயர் கேட்கப்படுகிறது. யார் எவ்வளவு முடித்தார்கள் என்ற பட்டியல் மேலிடத்துக்குத் தேவைப்படும்போது, அந்தத் தேவைக்காகப் பிறக்கும் கோப்புதான் பிறகு கசிகிறது. ஒன்றியவாரியாக எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போதும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தால், அறை திறந்து கிடந்தாலும் வெளியே போக மாணவர் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இருந்திருக்காது.

திறந்த கிடங்கு என்றாவது ஒருநாள் கண்ணில் படும். செயலிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வழி அப்படிப் படுவதில்லை. செயலி எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. செயலி எங்கே முடங்குகிறது, எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் பெருநிறுவனங்கள் இலவசமாகத் தரும் ஆயத்த நிரல்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த நிரல் தன் சொந்த வீட்டுக்கும் தகவல் அனுப்பும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கற்றல் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் தீக்‌ஷாவும் உண்டு. மாணவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் வசதி செயலியில் இருந்தது என்றும், கைப்பேசியின் விளம்பர அடையாள எண் கூகுளுக்குப் போனது என்றும் அது கூறியது.

விளம்பர அடையாள எண் என்பது ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் தரப்படும் நீண்ட எழுத்தெண் வரிசை. அதில் பெயர் இல்லை. ஆனால் அதே கைப்பேசியில் உள்ள விளையாட்டுச் செயலியும் கடைச் செயலியும் அதே வரிசையைப் பயன்படுத்துவதால், ஒரே ஆளின் நடவடிக்கைகளைக் கோத்துவிட அது போதுமானது. பல வீடுகளில் பாடம் நடந்தது அப்பாவின் கைப்பேசியில் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கோக்கப்படுவது பிள்ளையின் நடவடிக்கை மட்டும் அல்ல.

“நிபந்தனைகளை ஏற்கிறேன்” என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தானே உள்ளே போனார்கள் என்பது இதற்கு வழக்கமான பதில். சில மாநிலங்களில் மாணவர்களைச் செயலியைப் பதிவிறக்கச் செய்ய அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இலக்கு வைக்கப்பட்டதாக அதே அறிக்கை சொல்கிறது. வகுப்பாசிரியர் கேட்டு, வீட்டுப்பாடமும் அதற்குள்ளேயே வரும்போது, மாட்டேன் என்று சொல்லக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் ஒப்புதலை ஒப்புதல் என்று எழுதிவைப்பது வெறும் காகித வேலை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி எட்மோடோ என்ற நிறுவனத்தின் வழக்கில் நேராகவே எழுந்தது. வகுப்பறைகளுக்கான இணையத் தளம் அது. அங்குள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, 13 வயதுக்குட்பட்டோரின் விவரத்தை இணையத்தில் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்; கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் பெற்றோர் சார்பில் பள்ளி ஒப்புதல் தரலாம். எட்மோடோவோ, சட்டத்தைக் கடைப்பிடிக்கும் முழுப் பொறுப்பும் பள்ளியுடையது என்று தன் நிபந்தனைகளில் எழுதிவைத்துவிட்டு, திரட்டியதை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது. தேவை முடிந்த கணக்குகளின் விவரங்களையும் அழிக்கவில்லை. விளம்பரம் என்றால் அது கல்வி அல்ல. அதற்குப் பள்ளியின் ஒப்புதல் செல்லாது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் நடவடிக்கை எடுத்தது. 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனத்திடம் பணம் இல்லாததால் அது வசூலாகாமல் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் நிறுவனம் அமெரிக்காவில் கடையைக் கட்டியும் விட்டது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அதன் 9ஆம் பிரிவு பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையாகத் தெரிகிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு தருகின்றன. கல்விச் செயல்பாட்டுக்காகவோ குழந்தைகளின் பாதுகாப்புக்காகவோ பள்ளி மாணவர்களைப் பின்தொடரலாம், கண்காணிக்கலாம். வருகைப் பதிவும் மதிப்பெண்ணும்கூட ஒருவகைக் கண்காணிப்புதான் என்பதால் விலக்கு இல்லாமல் பள்ளி நடத்த முடியாது, அதில் தவறில்லை. மாணவர் எந்தக் காணொலியை எத்தனை நொடி பார்த்தார் என்று செயலி எடுக்கும் கணக்கு கல்விச் செயல்பாடா என்பதில்தான் வழக்குகள் வரும்.

இன்னொரு பிரிவு பள்ளிகளின் கவனத்துக்கு இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது. எதற்காக, எப்படி விவரம் திரட்டுவது என்று முடிவுசெய்பவரே சட்டத்தின் முன் பொறுப்பாளி. அவர் சார்பில் வேலை செய்யும் நிறுவனத்தோடு என்ன ஒப்பந்தம் இருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. அதாவது, ஒரு தனியார் பள்ளி வீட்டுப்பாடச் செயலியை அமர்த்தி, அந்த நிறுவனத்தின் கிடங்கு திறந்து கிடந்தால், பதில் சொல்ல வேண்டியது பள்ளி. கசிவு தெரிந்தவுடன் பெற்றோருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்லியாக வேண்டும்; வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும். இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் 18 மாதம் அவகாசம் தந்திருக்கின்றன.

ஆகவே பள்ளி பேரம் பேச வேண்டியது கட்டணத்தை மட்டும் அல்ல. எந்தெந்த விவரம் கேட்கப்படுகிறது, ஒவ்வொன்றும் இல்லாவிட்டால் எந்த வசதி நின்றுபோகும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். பிறந்த தேதி எதற்கு என்றால் பெரும்பாலும் பதில் இருக்காது. வகுப்பு எண் போதும். முழுப்பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கொடுத்து, எந்த எண் எந்த மாணவர் என்ற பட்டியலைப் பள்ளியே வைத்துக்கொள்ளலாம். கல்வியாண்டு முடிந்ததும் அழிப்பதற்கான தேதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அழித்ததாக ஒரு கடிதமும் வாங்க வேண்டும். செயலியைப் பரிந்துரைக்கும் முன் ஒரு பழைய கைப்பேசியில் நிறுவி, இடத்தையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கும்போது மறுத்துப் பார்க்கலாம். மறுத்த பிறகும் பாடம் ஓடினால், அந்த அனுமதி பாடத்துக்காகக் கேட்கப்பட்டது அல்ல.

செயலி நிறுவனங்களைச் சொல்லும்போது பள்ளி அலுவலகத்து மேசையையும் பார்த்தாக வேண்டும். மாணவர் பெயர், ஆதார் எண், சாதி, அப்பாவின் வருமானம், கைப்பேசி எண் எல்லாம் சேர்ந்த கூகுள் ஷீட் ஒன்றை ஆசிரியர் குழுவில் பகிர்ந்து “எல்லாரும் அவங்கவங்க கிளாஸை ஃபில் பண்ணுங்க” என்று சொல்வது நடக்கக்கூடியதே. பகிரும்போது `Anyone with the link` என்பதைத் தேர்ந்துவிட்டால், அந்த இணைப்பு கைமாறிப் போகும் இடமெல்லாம் ஷீட்டும் போகும். மூன்று ஆண்டு கழித்து, அந்த மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன பிறகும் அது திறந்தே இருக்கும். அந்தச் சொற்களைச் சொடுக்கி `Restricted` என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.