கூடை நிற்கும்போது டிரைவ் ஏன் நிற்கிறது?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஹைட்ரோவுக்கு டிரைவ் போட்டதும் முதலில் கேட்கும் புகார் இதுதான்: சுற்றும்போது ஒன்றுமில்லை, நிறுத்தும்போது மட்டும் திரையில் `OV` விழுகிறது. டிரைவ் பழுது என்று உடனே கழற்ற வேண்டாம்.

415 வோல்ட் மின்சாரத்தை டிரைவ் முதலில் டிசியாக மாற்றுகிறது. அதன் உள்ளே, டிசி பஸ்ஸில், சுமார் 587 வோல்ட் இருக்கும். ஏறத்தாழ 800 வோல்ட்டைத் தொட்டால் பெரும்பாலான டிரைவ்கள் தம்மைக் காத்துக்கொள்ள டிரிப் ஆகும். நிறுத்தச் சொன்னதும் கூடையின் வேகம் மோட்டாரை முந்துகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி, கூடையில் இருக்கும் சக்தியை டிரைவுக்கே திருப்பித் தள்ளுகிறது. அதை ஈபி லைனுக்கு அனுப்பச் சாதாரண டிரைவில் வழியில்லை.

ஒரு கணக்கு பார்க்கலாம். 15 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடும் கூடை. அதில் 1.6 லட்சம் ஜூல் சக்தி இருப்பதாக வைப்போம். டிரைவின் கப்பாசிட்டர் 1,000 மைக்ரோஃபாரட் என்றால், 587-லிருந்து 800 வோல்ட் வரை ஏற அது வாங்கும் சக்தி 150 ஜூல்கூட இல்லை. நிறுத்தும் நேரத்தை 20 விநாடி என்று வைத்தால், தொடக்கத்தில் 16 கிலோவாட் திரும்பி வரும். கண் இமைப்பதற்குள் டிரிப்.

மோட்டாரும் டிரைவும் சூடாகித் தின்னக்கூடியது 2 கிலோவாட் என்று கொண்டால், நிறுத்தும் நேரம் 160 விநாடி வேண்டும். அவ்வளவு காத்திருக்க முடியாத இடத்தில் பிரேக் ரெசிஸ்டர் போட வேண்டும். 40 விநாடிக்கு இறக்கினால் தொடக்கத்தில் 8 கிலோவாட் வரும்; அதைத் தாங்கும் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாம். ஓம் மதிப்பு டிரைவின் கையேட்டில் சொன்னதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் டிரைவே எரியும்.

வோல்ட் ஏறினால் நிறுத்தும் நேரத்தைத் தானே நீட்டும் வசதி பல டிரைவ்களில் உண்டு. ரெசிஸ்டர் போட்டவர்கள் பொதுவாக அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரெசிஸ்டருக்கு வேலையே வராது. அந்த வசதியை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு நான் வலியுறுத்துவது ஒன்று: கூடை எப்போது நிற்கும் என்பது அப்போது உறுதியில்லை. மூடியின் பூட்டு டைமரை நம்பித் திறக்கக் கூடாது, கூடை நின்றதை உணரும் சென்சாரை நம்பித்தான் திறக்க வேண்டும்.

கிளப்பும்போது விழுவது `OC`, அதாவது அதிக கரண்ட். இதே கூடையை 10 விநாடியில் முழு வேகத்துக்கு ஏற்றினால் உச்சத்தில் 32 கிலோவாட் கேட்கும், மோட்டாரின் திறனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 40 விநாடி கொடுத்தால் 8 கிலோவாட்டில் முடியும். காலிக் கூடையில் சோதித்து நேரத்தை வைப்பதால்தான் பலர் சிக்குகிறார்கள். ஈரத்துணி நிறைந்த கூடைதான் கிளம்பும்போது மிகக் கனமானது. முழுச் சுமையில் கரண்டைப் பார்த்தே நேரத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

டிரிப்புக்குப் பிறகு ரீசெட் அழுத்துமுன், அந்த நொடியின் வோல்ட், கரண்ட், ஹெர்ட்ஸ் மூன்றையும் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் மாறாமல் ஓடும்போதே `OV` விழுந்திருந்தால், நேரத்தை மாற்றிப் பயனில்லை; லைன் வோல்ட்டை அளக்க வேண்டும்.