உருகும் பனிக்கூழை ஒளிப்படம் ஆக்குதல்

ஒரு குளம்பியகத்தின் விளம்பரத்துக்காகக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓர் உருண்டை வனிலாப் பனிக்கூழை வைத்துப் படமெடுப்பதாகக் கொள்வோம். மேலே சாக்லேட் பாகு வழிய வேண்டும்; கீழே பனிக்கூழ் உருகத் தொடங்கியிருக்க வேண்டும். முற்றும் உறைந்திருந்தால் அது கல்லாகத் தோன்றும். மிகுதியாக உருகிவிட்டால் காண்பவருக்கு உண்ணும் விருப்பமே எழாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை சில நிமையமே நீடிக்கும். அதை நீட்டவும் வேண்டிய இடத்தில் நிறுத்தவும் பனிக்கூழின் உள்ளமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

பனிக்கூழ் என்பது வெறும் உறைந்த பால் அன்று. நுண்ணிய பனிப் படிகங்கள், காற்றுக்குமிழிகள், கொழுப்புத் துளிகள், இவற்றைச் சூழ்ந்து நிற்கும் உறையாத சர்க்கரைக் கரைசல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. சர்க்கரை கலந்திருப்பதால் அதிலுள்ள நீர் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. −18 பாகையில் நீரின் ஏறத்தாழ முக்கால் பங்கு பனியாக இருக்கும். −5 பாகையில் பாதியளவே எஞ்சும். ஆகவே உருகுதல் திடீரென நிகழாமல் படிப்படியாகவே நடைபெறுகிறது.

பனி உருகுவதும் வடிவம் சரிவதும் வெவ்வேறு நிகழ்வுகள். பனி உருகிய பின்னும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கொழுப்புத் துளிகள் காற்றுக்குமிழிகளைத் தாங்கி நின்றால் உருண்டை தன் வடிவைக் காக்கும். அப்பிணைப்பு வலுவற்றிருந்தால் உருண்டை குட்டையாகத் தேங்கிவிடும். நிலைப்படுத்தும் பசை மிகுந்திருந்தாலோ துளி வழியாமல் நுரைப்பிண்டம் அப்படியே நிற்கும். எந்தப் பனிக்கூழ் எவ்வகை என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே அறியலாம். ஒரு கம்பிவலைமேல் உருண்டையை வைத்து, முதல் துளி எப்போது விழுகிறது, எஞ்சியது எவ்வாறு நிற்கிறது என்று நோக்கினால் போதும்.

மேற்பரப்பின் தோற்றம் அள்ளும் வெப்பநிலையைச் சார்ந்தது. −18 பாகையிலோ அதற்குக் கீழோ அள்ளினால் பனிக்கூழ் உதிரும். −8 பாகையை நெருங்கினால் வழவழவென்று இழுபடும். −14 பாகையளவில் அள்ளும்போதுதான் வரிவரியான மடிப்புகளும் அடியில் கிழிந்த பாவாடை போன்ற விளிம்பும் உண்டாகின்றன. அவ்வாறு அமைந்த உருண்டைகளை உலர்பனிக்கட்டிப் பெட்டியில் காத்து, ஒளியமைப்பை வேறோர் உருண்டையை வைத்தே முடித்துவிட வேண்டும். உருகியதை மீண்டும் உறையவைத்துப் பயன்படுத்துதல் வீண். படிகங்கள் பெருத்து, மேற்பரப்பில் பளபளப்பான பனி படிந்துவிடும்.

குளிர்ச்சியைக் கண் எவ்வாறு உணர்கிறது? மங்கிய பரப்பு குளிர்ந்த பரப்பாகவும், பளபளக்கும் பரப்பு உருகும் பரப்பாகவும் தோன்றும். எனவே மேற்பகுதி மங்கலாகவும் அடிவிளிம்பு மட்டும் பளபளப்பாகவும் இருத்தல் நன்று. வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கரண்டியின் புறத்தை அடிவிளிம்பில் ஒருமுறை தொட்டால், வேண்டிய இடத்தில் மட்டும் துளி இறங்கும். சாக்லேட் பாகைச் சூடாக ஊற்றினால் அது பனிக்கூழைக் குடைந்துகொண்டு அடிக்குப் போய்விடும். அறை வெப்பநிலையில் மெல்ல விட்டால், குளிர்ந்த பரப்பில் அதன் முன்முனை தடித்து மணியாகத் திரண்டு நிற்கும். அம்மணியே குளிர்ச்சிக்கான மிகச் சிறந்த சான்று என்பேன். படம் முழுவதற்கும் நீலச் சாயம் ஏற்றுவது பாலின் இளமஞ்சளைக் கெடுத்து நோயுற்ற நிறம் தரும்.

கண்ணாடியில் நீர்த்துளி அரும்புவது காற்றின் ஈரத்தால். அறை 28 பாகையும் 70 விழுக்காட்டு ஈரப்பதமும் கொண்டிருந்தால், 22 பாகைக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் துளி படியும். குளிரூட்டப்பட்ட அறையில் 24 பாகையும் 50 விழுக்காடும் இருந்தால், கண்ணாடி 13 பாகைக்கும் கீழே இறங்க வேண்டும். பனிக்கூழைக் காக்கும் அதே குளிரூட்டி துளிகளைத் தாமதப்படுத்துகிறது. ஆதலால் நீரும் கிளிசரினும் சமமாகக் கலந்து கண்ணாடியின் புறத்தே தெளிக்கிறார்கள். அத்துளிகள் எளிதில் உலர்வதில்லை.

வெண்பின்னணியில் வனிலாவின் விளிம்பு கரைந்துபோகும். கரும்பழுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளப்பற்ற பின்னணியைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, பின்பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் விளிம்பு எழும். குளிரால் இழியும் மெல்லிய ஆவியும் தெரியும். ஆனால் ஒவ்வொரு நீர்த்துளியும் சிறு வில்லையாகிப் பின்னுள்ளதைத் தலைகீழாகக் காட்டுவதால், கரும்பின்னணி துளிகளையும் கறுக்கச் செய்யும். கண்ணாடியின் வடிவில் வெட்டிய வெள்ளட்டையை அதன் பின்னே மறைத்து வைத்தால் துளிகள் ஒளிரும்.

பழங்காலப் படப்பிடிப்பு விளக்குகளின் வெம்மைக்கு அஞ்சிப் பனிக்கூழுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை வைத்ததும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் கோல்கேட்-பாமோலிவ் நிறுவனத்தின் சவரக் குழைம விளம்பர வழக்கில் இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டது. கிழங்கு வெறும் காட்சிப்பொருளாக நின்றால் அது வேறு. அதன் செறிவையும் நிறத்தையும் காட்டிப் பனிக்கூழின் தரத்துக்குச் சான்றாக்கினால் அது ஏமாற்று என்பதே அந்நீதிமன்றத்தின் கருத்து.