ஐந்து நெடுவரிசையில் ஒரு பதில்: சர்வே கோப்பைச் சுருக்கும்போது காணாமல் போகும் வீடு

கடந்த 30 நாட்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா? ஆம் என்றால், சிகிச்சைக்கு எங்கெல்லாம் போனீர்கள்? வீடு வீடாகப் போய் நடத்தும் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் இந்த இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து வருவது வழக்கம். இரண்டாவது கேள்விக்கு ஒரே வீட்டில் பல பதில்கள் இருக்கும். முதலில் மருந்துக்கடை, காய்ச்சல் இறங்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் மேலே தனியார் மருத்துவமனை என்று போவார்கள். அதனால் ஃபார்மில் அதைப் பல டிக் போடக்கூடிய கேள்வியாகவே வைப்பார்கள்.

கைபேசியில் அது ஒரே கேள்விதான். கணினியில் கோப்பாக இறக்கும்போது ஐந்து நெடுவரிசைகளாகப் பிரிந்து நிற்கும். தொண்டு நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் கோபோ டூல்பாக்ஸில் அவற்றின் தலைப்புகள் `treat/phc`, `treat/private`, `treat/shop`, `treat/siddha`, `treat/other` என்கிற மாதிரி இருக்கும். டிக் போட்ட இடத்தில் 1, போடாத இடத்தில் 0. மருத்துவ ஆய்வுகளில் புழங்கும் ரெட்கேப்பில் இதே தலைப்புகள் `treat___1`, `treat___2` என்று மூன்று அடிக்கோடுகளோடு வரும். இப்படிப் பத்துக் கேள்விகள் இருந்தால் கோப்பு வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். ஒரு வீடு என்ன சொன்னது என்று கண்ணால் படித்துப் பார்க்க முடியாது. எத்தனை வீடுகள் மருந்துக்கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சேர்த்துப் போயின என்பதும் தெரியாது. அதற்காகத்தான் ஐந்தையும் சுருக்கி, கேள்விக்கு ஒரே நெடுவரிசையாக `phc | shop` என்று ஆக்குகிறோம்.

ஒட்டுவது எளிது. வெறுமையாக வரும் வரிசையை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு சிறிய எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். A நெடுவரிசையில் வீட்டு எண், B-யில் நோய் வந்ததா என்பதற்கு `yes` அல்லது `no`, C முதல் G வரை ஐந்து இடங்கள்.

101-ஆம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. சுகாதார நிலையத்துக்கும் மருந்துக்கடைக்கும் போயிருக்கிறார்கள். 102-இல் யாருக்கும் நோய் இல்லை, அதனால் இரண்டாவது கேள்வி அவர்களிடம் கேட்கப்படவே இல்லை. 103-இல் நோய் வந்தது, கேள்வியும் கேட்கப்பட்டது, ஆனால் எந்த இடத்திலும் டிக் இல்லை. 104 தனியார் மருத்துவமனைக்கு மட்டும் போனது. 105 சுகாதார நிலையம், தனியார் மருத்துவமனை, மருந்துக்கடை மூன்றுக்கும் அலைந்தது.

இந்த ஐந்தையும் அப்படியே ஒட்டினால் 102-உம் 103-உம் ஒரே மாதிரி வெற்றுக் கட்டமாக வந்து நிற்கும். ஒன்று நோயே வராத வீடு. மற்றொன்று நோய் வந்தும் எங்கேயும் போகாத வீடாக இருக்கலாம். இப்படிப்பட்ட கணக்கெடுப்பை நடத்துவதே அந்த இரண்டாவது வகை வீட்டைத் தேடித்தான். சுருக்கும் வேலையில் அதைத் தொலைத்துவிட்டால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். நோய் வந்த வீடுகள் 4, சிகிச்சைக்குப் போனவை 3. எனவே 75 சதவீதம் என்பதே சரியான விடை. வெற்றுக் கட்டங்களை எல்லாம் ‘கேட்கப்படாதவை’ என்று ஒதுக்கினால் 103 வெளியேறிவிடும். மூன்றில் மூன்று, 100 சதவீதம். எல்லா வீட்டையும் வகுப்பானில் சேர்த்தால் ஐந்தில் மூன்று, 60 சதவீதம். ஒரே கோப்பு மூன்று விதமாகப் பேசுகிறது. அறிக்கையைப் படிப்பவருக்கு எது சரி என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

மென்பொருளே சுருக்கித் தரட்டும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். கோபோவில் கோப்பை இறக்கும் பக்கத்தில் `Single column` என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் குறியீடுகளை இடைவெளி விட்டு `phc shop` என்று ஒரே கட்டத்தில் தரும். கோப்பு உங்கள் கையில் உருவாகிறதென்றால் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஐந்து நெடுவரிசைகளை ஒட்டும் வேலை மிச்சம். ஆனால் 102-உம் 103-உம் அங்கேயும் வெறுமையாகத்தான் வரும். கோபோ, பதில் இல்லாத கேள்விக்கு 0 போடுவதில்லை. கேள்வி கேட்கப்படாமல் இருந்தாலும், கேட்டு எதுவும் குறிக்காமல் நகர்ந்தாலும் ஐந்து நெடுவரிசைகளும் காலியாகவே இருக்கும். ரெட்கேப் நேர் எதிர். கேள்வி திரையில் மறைந்திருந்தாலும் சரி, தெரிந்து டிக் விழாமல் போனாலும் சரி, அதில் ஐந்து 0 வரும். இரண்டிலுமே அந்த ஐந்து நெடுவரிசைகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் கிடைக்காது. அதைச் சொல்லக்கூடியது அதற்கு முன்னால் வரும் கேள்வி ஒன்றுதான். நம் எடுத்துக்காட்டில் அது B நெடுவரிசை.

ஆகவே சுருக்கும் சூத்திரம் B-யிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் கோப்பைப் படியெடுத்துக்கொண்டு, தலைப்பு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+H மூலம் `treat/` என்பதை வெறுமையால் மாற்றிவிடுங்கள். தலைப்பில் `phc`, `shop` என்று குறியீடு மட்டும் மிஞ்சும். பிறகு H2 கட்டத்தில்:

```
=IF(B2="no","பொருந்தாது",
 IF(SUM(C2:G2)=0,"குறிக்கவில்லை",
 TEXTJOIN(" | ",TRUE,
 IF(C2:G2=1,C$1:G$1,""))))
```

நோய் இல்லை என்றால் ‘பொருந்தாது’. நோய் உண்டு, ஆனால் ஐந்தின் கூட்டுத்தொகை 0 என்றால் ‘குறிக்கவில்லை’. மற்ற எல்லாவற்றுக்கும் 1 இருக்கும் நெடுவரிசைகளின் தலைப்புகளை மட்டும் எடுத்து ஒட்டு. காலிக் கட்டம் வந்தாலும் 0 வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்பதால் கோபோ, ரெட்கேப் இரண்டின் கோப்புக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். ரெட்கேப் கோப்பில் B நெடுவரிசையிலும் `no` என்பதற்குப் பதில் எண் இருக்கும், சூத்திரத்தில் அதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் கேள்வி ஃபார்மில் கட்டாயமாக இருக்கிறது, B காலியாக வராது என்பது இங்கே நாம் வைத்திருக்கும் அனுமானம்.

`TEXTJOIN` எக்செல் 2019-இலிருந்து உண்டு. 2019 பதிப்பில் சூத்திரத்தை Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் 365-இல் வெறும் Enter போதும். கூகுள் ஷீட்ஸில் முழுச் சூத்திரத்தையும் `ARRAYFORMULA( )` அடைப்புக்குள் வைக்க வேண்டும்.

பிரிப்பானாகக் காற்புள்ளியை விட்டுவிட்டுச் செங்குத்துக் கோட்டைப் போட்டதற்குக் காரணம் உண்டு. கூகுள் ஃபார்ம்ஸ் பல பதில்களைத் தானாகவே ஒரே கட்டத்தில் காற்புள்ளியால் ஒட்டித் தரும். தெரிவின் பெயரே ‘தனியார் மருத்துவமனை, கிளினிக்’ என்று இருந்துவிட்டால், பின்னால் அதைப் பிரிக்கும்போது ஒரு பதில் இரண்டாகிவிடும். எந்தத் தெரிவின் பெயரிலும் வராத குறியையே பிரிப்பானாகக் கொள்ள வேண்டும். ‘வேறு’ என்று டிக் போட்டவர் எழுதிக்கொடுத்த வாசகத்தையும் இந்தக் கட்டத்துக்குள் திணிக்கக் கூடாது. `other` என்ற குறியீடு மட்டும் இங்கே வரட்டும், வாசகம் தன் நெடுவரிசையிலேயே இருக்கட்டும்.

சூத்திரத்தைக் கீழே இழுத்த பிறகு நோய் வந்த எல்லா வீட்டுக்கும் ‘குறிக்கவில்லை’ என்று வந்தால் பதற வேண்டாம். கோப்பில் இருக்கும் 1-உம் 0-உம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன. கட்டத்தின் மேல் இடது மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிவது இதற்கு அடையாளம். அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Convert to Number` கொடுத்தால் சரியாகிவிடும். பல கோப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தால் பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் இருக்கக்கூடும். அது இதைவிட மோசம். விடைகள் பார்க்க இயல்பாக இருக்கும், ‘குறிக்கவில்லை’ மட்டும் இருக்க வேண்டியதற்கு மேல் இருக்கும்.

அதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. முன்பு எத்தனை டிக், பின்பு எத்தனை பெயர் என்று எண்ண வேண்டும். நம் கோப்பில் 101-க்கு 2, 104-க்கு 1, 105-க்கு 3, ஆக 6 டிக். H நெடுவரிசையில் உள்ள பெயர்களும் 6 ஆக இருக்க வேண்டும். பெயர்களை எண்ணும் சூத்திரம் இது. கோடுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுகிறது:

```
=IF(OR(H2="பொருந்தாது",H2="குறிக்கவில்லை"),0,
 LEN(H2)-LEN(SUBSTITUTE(H2,"|",""))+1)
```

டிக்குகளை எண்ணும்போது `SUM` எழுத்தாக இருக்கும் 1-ஐக் கணக்கில் எடுக்காது. அதனால் அந்தப் பக்கம் `=COUNTIF(C2:G6,1)` என்று எண்ணுங்கள், அது இரண்டு வகையையும் சேர்த்தே எண்ணும். இரண்டு தொகையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ 1 எழுத்தாக ஒளிந்திருக்கிறது.

பெரிய கோப்புகளை எக்செலின் பவர் கொயரியில் `Unpivot Columns` கொண்டு சுருக்குபவர்கள் இன்னொரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டளை வெற்றுக் கட்டங்களை விட்டுவிடும். அடுத்து 1 இருப்பவற்றை மட்டும் வடிகட்டினால் 0-க்களும் போய்விடும். 102, 103 இரண்டும் அந்தப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். செய்தி எதுவும் வராது. முடித்ததும் வீடுகளின் எண்ணிக்கை முன்பு இருந்த அளவே இருக்கிறதா என்று பார்த்தால் மட்டுமே தெரியும்.

சுருக்கிய பிறகு பழைய ஐந்து நெடுவரிசைகளை அழித்துவிடாதீர்கள். H நெடுவரிசையை பிவட் டேபிளில் போட்டால் அது சேர்க்கைகளைத்தான் எண்ணும். `phc | shop` ஒரு வகை, `phc | private | shop` இன்னொரு வகை. எந்தெந்த இடங்களுக்குச் சேர்ந்து போகிறார்கள் என்பதை அறிய அது நல்லது. சுகாதார நிலையத்துக்குப் போன வீடுகள் மொத்தம் எத்தனை என்பதற்கு C நெடுவரிசையின் கூட்டுத்தொகையே நேர்வழி. நம் கோப்பில் அது 2. நோய் வந்த 4 வீடுகளில் 50 சதவீதம். தனியார் மருத்துவமனைக்கும் 50, மருந்துக்கடைக்கும் 50. மூன்றையும் கூட்டினால் 150 வருகிறதே என்று திகைக்க வேண்டியதில்லை, ஒரு வீடு பல இடத்துக்குப் போயிருப்பதால் அப்படித்தான் வரும். 6 டிக்குகளால் வகுத்து 100-க்குள் அடக்கப் பார்த்தால், சுகாதார நிலையத்துக்குப் போனது மூன்றில் ஒரு பங்கு வீடுகள் என்ற பொய் எழுந்துவிடும்.

‘குறிக்கவில்லை’ என்ற சொல்லிலும் ஒரு எல்லை இருக்கிறது. 103-ஆம் வீடு உண்மையிலேயே எங்கும் போகவில்லையா, அல்லது களப்பணியாளர் அவசரத்தில் கேள்வியைத் தாண்டிவிட்டாரா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் ‘எங்கும் போகவில்லை’ என்று நாமாக எழுதவில்லை. நாம் மேலே கண்ட 75 சதவீதமும் 103-இன் வெறுமையை ‘போகவில்லை’ என்று கொண்டால்தான் நிற்கும். அறிக்கையில் அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

இதைத் தீர்க்கும் இடம் ஃபார்ம். தெரிவுகளில் ஆறாவதாக ‘எங்கும் போகவில்லை’ என்பதை `none` என்ற குறியீட்டோடு சேர்த்து, கேள்வியைக் கட்டாயமாக்கிவிடுங்கள். அதையும் வேறொன்றையும் சேர்த்து டிக் போட முடியாதபடி கோபோ ஃபார்மின் `constraint` கட்டத்தில் இந்த வரியைப் போட்டால் போதும்:

```
not(selected(., 'none') and count-selected(.) > 1)
```

இனி நோய் வந்தும் சிகிச்சைக்குப் போகாத வீடு வெறுமையாக வராது. அதன் கட்டத்தில் `none` என்று இருக்கும். காலியாக இருப்பவை நோயே வராத வீடுகள் மட்டும். சூத்திரத்தின் எல்லையை G-யிலிருந்து H-க்கு நீட்டி, அதை அடுத்த நெடுவரிசையில் எழுதினால், ‘குறிக்கவில்லை’ என்பது ஒரு தடவைகூட வரக்கூடாது. வந்தால் அந்த வீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு, குழு அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் மறுபடி போய்க் கேட்டுவிடலாம்.