தெலுங்கா, கன்னடமா?

பல்லாரி பக்கம் எடுத்த கடைப் பலகைப் படத்தைப் பார்த்தால் தெலுங்கா கன்னடமா என்று தடுமாறுவோம். இரண்டும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிந்தவை; உருண்டைகள் அப்படியே ஒத்திருக்கும். எனவே உருண்டையை விட்டுவிட்டு அதன் தலையைப் பாருங்கள். தெலுங்கில் வாத்தியார் போடும் ‘சரி’ குறிபோல ஒரு சாய்ந்த கீற்று. கன்னடத்தில் படுத்த கோடு, வலது முனையில் சுருண்டிருக்கும்.

ஆனால் இந்தத் தலைக்கட்டு எல்லா எழுத்திலும் வராது. ‘ல’வுக்கு இரு மொழியிலும் இல்லை, இகரம் சேர்ந்தால் அது மறைந்து சுழி வந்துவிடும். படம் மங்கலாக இருந்தால் கீற்றும் கோடும் ஒன்றாகவே தெரியும்.

அப்போது நான் நம்புவது நெடிலைத்தான். ‘ஸ்ரீ வெங்கடேஸ்வரா’ என்ற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ‘ஸ்ரீ’யின் ஈகாரத்துக்கும் ‘டே’யின் ஏகாரத்துக்கும் வலப்பக்கம் தனி எழுத்துபோல ஒரு நெடில் குறி நிற்கும். தெலுங்கில் அப்படி எதுவும் நிற்காது. நீட்டல் எழுத்தின் உச்சியிலேயே முடிந்துவிடும். அதே ‘ஸ்ரீ’யில் ரகரத்தையும் கவனியுங்கள். தெலுங்கில் பெரும்பாலும் அது அடியிலிருந்து இடப்பக்கமாக வளைந்து எழுத்தை அணைக்கும். கன்னடத்தில் வலது கீழ்மூலையில் சிறிதாகத் தொங்கும். அலங்கார எழுத்தில் தலைக்கட்டை ஓவியர் இஷ்டப்படி வளைத்திருந்தாலும் இந்த இரண்டு இடங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை.