ஆஃபர் லெட்டர் வந்த பிறகு எழுத வேண்டிய மெயில்

சென்னையில் ஐந்து வருட அனுபவமுள்ள சாஃப்ட்வேர் டெஸ்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளம், அதாவது சி.டி.சி., வருடத்துக்கு 9.8 லட்சம். புதிய கம்பெனியிலிருந்து 12 லட்சத்துக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. 22 சதவீத உயர்வு! வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பள அட்டவணையைப் பார்த்தால் கதை வேறு.

அந்த 12 லட்சத்தில் 1,20,000 ரூபாய் ‘வேரியபிள் பே’. கம்பெனியின் லாபத்தையும் நம் ரேட்டிங்கையும் பொறுத்து வரலாம், வராமலும் போகலாம். அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 என்றால், கம்பெனி தரப்பு பி.எஃப். வருடத்துக்கு 57,600, கிராஜுவிட்டிக்கு என்று சுமார் 23,000, இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு 10,000. இவை எல்லாம் அந்த 12 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். நம் பங்கு பி.எஃப்., தொழில் வரி போக மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 77,400. வேரியபிள் இல்லாத பழைய வேலையில் இதே கணக்குப்படி கைக்கு வருவது 71,200. ஆக, 22 சதவீதம் என்பது உண்மையில் 9 சதவீதத்துக்குக் கிட்டத்தான்.

அதனால் மெயிலில் “சி.டி.சி.யைக் கூட்டித் தாருங்கள்” என்று கேட்பது வீண். வேரியபிளைக் கொஞ்சம் ஏற்றி, 13 லட்சம் என்று புதுக் கடிதம் அனுப்பிவிடுவார்கள்; நாமும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கேட்க வேண்டியது ‘ஃபிக்ஸட்’ தொகையை. இந்த ஆஃபரில் அது 10.8 லட்சம்.

யாருக்கு எழுதுகிறோம் என்பது அடுத்த விஷயம். ஆஃபர் அனுப்பிய எச்.ஆர். ஊழியருக்குப் பெரும்பாலும் தானாகச் சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் கிடையாது. நம் மெயிலை அவர் அப்படியே மேனேஜருக்கோ நிதிப் பிரிவுக்கோ ஃபார்வர்ட் செய்வார். நம்மைப் பார்த்தே இராத ஒருவர் அதைப் படித்து ‘சரி’ சொல்ல வேண்டும். வீட்டுக் கடன், வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அவருக்குக் காரணமே அல்ல. கம்பெனிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் காரணம்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். சாரம் இப்படி இருக்கலாம்: “ஆஃபருக்கு நன்றி. இந்த வேலையில் சேர எனக்கு விருப்பம். ஃபிக்ஸட் 10.8 லட்சம் என்று இருக்கிறது; அதை 12 லட்சமாக்க முடியுமா? இன்டர்வியூவில் பேசியபடி ஆட்டோமேஷன் டெஸ்டிங்கோடு, இருவர் கொண்ட டீமையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதைய வேலையிலும் அதைத்தான் செய்கிறேன். இது முடிந்தால் வியாழக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன்.” இவ்வளவு போதும். ஒரே தொகை, ஒரே காரணம், ஒரு தேதி. அந்தக் கடைசி வரிதான் ஒப்புதல் தருபவருக்குத் தைரியம் கொடுக்கிறது. கூட்டிக் கொடுத்தால் ஆள் வந்துவிடுவார் என்று தெரிகிறது அல்லவா?

இல்லாத இன்னொரு ஆஃபரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். “அந்த லெட்டரை அனுப்புங்கள்” என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாலும் பே ஸ்லிப் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் பெரும்பாலும் போனில் வரும். 11.4 லட்சம் தருகிறோம் என்பார்கள். மாதக் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் கூடும், ஒத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜாயினிங் போனஸ் என்பார்கள். அது ஒரு தடவை வரும் பணம்; ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனையும் பல கடிதங்களில் உண்டு. “ஆறு மாதத்தில் அப்ரைசல், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். எழுத்தில் வராதவரை அதன் மதிப்பு பூஜ்யம். போனை வைத்ததும், பேசியதை நாலு வரியில் மெயிலாக அனுப்பிவிடுவது நல்லது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. கேம்பஸில் ஒரே பேட்ச்சாக எடுக்கும் ஃப்ரெஷர்களுக்கு எல்லோருக்கும் ஒரே சம்பளம்தான். அரசு வேலையில் பேச்சுக்கே இடமில்லை. ஆன்லைனில் ‘அக்செப்ட்’ பட்டனை அழுத்திய பிறகு கேட்பதும் எடுபடாது. மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அபூர்வம். ஒத்துக்கொண்டபின் மறுபடி மறுபடி ஏற்றிக் கேட்டால்தான் அந்த ஆபத்து.

திருத்திய ஆஃபர் லெட்டர், புதிய அட்டவணையோடு, உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து சேரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.